மும்பையில் மாறும் வட்டி, நம் பாஸ்புக்கில் எப்போது மாறும்?



2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆயிற்று. ஏப்ரலில் 6.00. ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் குறைந்து 5.50. டிசம்பர் 5ஆம் தேதி 5.25. பத்து மாதங்களுக்குள் மொத்தம் ஒன்றேகால் சதவீதம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மாலைச் செய்தியில் 'வீட்டுக் கடன் வட்டி குறையும்' என்று சொன்னார்கள். மறுநாள் காலை வங்கிக் கிளைகளுக்கு இரண்டு விதமான ஆட்கள் வந்திருப்பார்கள். 'என் கடனுக்கு இன்னும் குறையவில்லையே' என்று கேட்டு ஒருவர் வருவார். 'என் டெபாசிட்டுக்கு இதற்குள் குறைத்துவிட்டீர்களே' என்று இன்னொருவர் வருவார். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த இருவருக்கும் நான் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை அவசரமில்லாமல், முழுமையாகச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பாக இந்தச் சொற்பொழிவை எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ரெப்போ வட்டி கடன்காரரிடம் போய்ச் சேர்வது ஒரு ஒப்பந்த விதியால். டெபாசிட்காரரிடம் போய்ச் சேர்வது வங்கியின் தேவையால். முதலாவதற்குக் கெடு உண்டு, இரண்டாவதற்குக் கெடு கிடையாது. இந்த வேறுபாடு எப்படி வந்தது, அது ஒரு குடும்பத்தின் கணக்கில் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ரெப்போ என்பது யாருக்கான வட்டி என்று பார்த்துவிடுவோம். வங்கிகள் தங்களிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகக் கொடுத்து, மிகக் குறுகிய காலத்துக்கு, பெரும்பாலும் ஒரே ஓர் இரவுக்கு, ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்கும்போது கொடுக்கும் வட்டி அது. வங்கிகளிடம் பணம் மிஞ்சினால் அதை ரிசர்வ் வங்கியிடமே ஓர் இரவுக்கு வைக்கலாம். அதற்கு ரெப்போவைவிடக் கால் சதவீதம் குறைவாக வட்டி கிடைக்கும். அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் ரெப்போவைவிடக் கால் சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் ஓரிரவுப் பணத்தின் வட்டி நிற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு கூடி முடிவெடுப்பது இந்த ஓரிரவுப் பணத்தின் விலையைத்தான்.

வீட்டுக் கடனோ இருபது ஆண்டுக் கடன். அதற்கான பணம் ரிசர்வ் வங்கியிடமிருந்து வருவதில்லை. நீங்களும் நானும் போட்டுவைத்த சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஒரு வங்கியின் மொத்த நிதியில் ரெப்போவில் வாங்கிய பணம் மிகச் சிறிய பங்குதான். ஆகவே 'ரெப்போ குறைந்தது, அதனால் வங்கிக்குப் பணம் மலிவாகக் கிடைக்கிறது, அதனால் நமக்கும் மலிவாகத் தருகிறது' என்று நாம் நினைக்கும் சங்கிலியில் நடுக்கண்ணி உண்மையில் மிகவும் பலவீனமானது. நேற்று ரெப்போ குறைந்தது என்பதற்காக, போன ஆண்டு மூன்று ஆண்டுக்கு ஏழு சதவீதம் என்று எழுதிக்கொடுத்த டெபாசிட் ரசீதை வங்கி திருத்த முடியாது. அது முதிர்ந்து, திரும்பப் போடும்போதுதான் புது வட்டி. வங்கியின் சராசரிப் பணச் செலவு மெதுவாகத்தான் இறங்கும், மெதுவாகத்தான் ஏறும்.

இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிகள் பல ஆண்டுகள் வாதாடின. 'எங்கள் செலவு குறையும்போது கடன் வட்டியைக் குறைக்கிறோம்' என்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 2010 ஜூலையில் வந்த பேஸ் ரேட் முறையும், 2016 ஏப்ரலில் வந்த எம்சிஎல்ஆர் முறையும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே அமைந்தவை. ஒவ்வொரு வங்கியும் தன் பணச் செலவைத் தானே கணக்கிட்டு, அதன்மேல் நிர்வாகச் செலவையும், ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் முடங்கும் பணத்தின் செலவையும் ஏற்றி, ஓர் அடிப்படை விகிதத்தை அறிவிக்கும். எம்சிஎல்ஆரில், பழைய டெபாசிட்டுக்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்காமல், இன்று புதிதாகப் பணம் திரட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும் என்று விதித்தார்கள். அப்படியாவது ரெப்போவின் மாற்றம் வேகமாக வரும் என்பது எதிர்பார்ப்பு.

வரவில்லை. கணக்கைப் போடுபவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் ஒரே வங்கிதான் என்பதால் வரவில்லை. ரிசர்வ் வங்கி தன் அதிகாரி ஜனக் ராஜ் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. 2017இல் வந்த அந்த அறிக்கையை வங்கித் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். வங்கிகள் சூத்திரத்தில் உள்ள உறுப்புகளைத் தங்கள் வசதிக்கேற்ப மாற்றி, அடிப்படை விகிதம் குறையாமல் பார்த்துக்கொண்டதையும், அடிப்படை குறைந்த இடங்களில் அதன்மேல் ஏற்றும் கூடுதல் வட்டியைக் கூட்டிக்கொண்டதையும் அது வெளிப்படையாக எழுதியது. வங்கியின் கைக்கு எட்டாத வெளி அளவுகோல் ஒன்றோடு கடனைக் கட்டிவிடுங்கள் என்பது அதன் பரிந்துரை.

அந்தப் பரிந்துரை இரண்டு ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. 2019 பிப்ரவரிக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவில் ரெப்போ 1.10 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் புதிய கடன்களின் சராசரி வட்டி 0.29 சதவீதம் மட்டுமே குறைந்தது. ஏற்கெனவே வாங்கிய கடன்களின் சராசரி வட்டியோ 0.07 சதவீதம் கூடியிருந்தது. இது ரிசர்வ் வங்கி அந்த அக்டோபரில் தன் கொள்கை அறிக்கையிலேயே சொன்ன கணக்கு. நாட்டின் மத்திய வங்கி வட்டியை இறக்கிக்கொண்டே போகிறது, பழைய கடன்காரர் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் பொறுக்க முடியாது என்ற நிலையில்தான் 2019 அக்டோபர் 1 முதல் புதிய விதி வந்தது. அன்று முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாயிற்று.

இந்த விதியில் மூன்று பிடிகள் உண்டு. கடனின் வட்டி என்பது ரெப்போவும் அதன்மேல் ஒரு ஸ்ப்ரெட்டும் சேர்ந்தது. ரெப்போ மாறினால் மூன்று மாதத்துக்குள் கடனின் வட்டி மாறியாக வேண்டும். ஸ்ப்ரெட்டை வங்கி தன் இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது. அதில் கடன்காரரின் நம்பகத்தன்மைக்கான பகுதியை, அவருடைய கடன் மதிப்பீடு கணிசமாக மாறினால்தான் தொடலாம். மற்றப் பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். எம்சிஎல்ஆர் காலத்தில் வங்கி நுழைந்து வெளியேறிய ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்ததன் விளைவு இது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒருவர் 2021 ஏப்ரல் 1ஆம் தேதி 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குகிறார். இருபது ஆண்டுகள், அதாவது 240 மாதங்கள். அன்று ரெப்போ 4 சதவீதம். வங்கி போட்ட ஸ்ப்ரெட் 2.75. வட்டி 6.75 சதவீதம். மாதத் தவணை 22,811 ரூபாய். வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில், வட்டியைத் திருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்.

2022 ஜூன் முடிய பதினைந்து தவணைகள் கட்டியாயிற்று. அசல் 29,07,000 ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கிறது. இதற்குள் அந்த மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல், ரிசர்வ் வங்கி ரெப்போவை 4.40 ஆக்கிவிட்டது. ஜூனில் 4.90. அடுத்து 5.40, 5.90, 6.25 என்று ஏறி, 2023 பிப்ரவரியில் 6.50இல் நின்றது. நம் கடன்காரரின் வட்டி ஜூலையில் 7.65, அக்டோபரில் 8.65, ஜனவரியில் 9.00, ஏப்ரலில் 9.25 என்று கூடவே ஏறியது. ரெப்போ ஏறிய 2.50 சதவீதமும் ஒரு பைசா குறையாமல் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. விதி சொன்னபடியே நடந்திருக்கிறது.

ஆனால் அவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார். அந்தக் காலத்தில் பல வங்கிகள் வட்டி ஏறியபோது தவணைத் தொகையைத் தொடாமல், தவணைகளின் எண்ணிக்கையை மட்டும் நீட்டின. மாதா மாதம் அதே 22,811 ரூபாய் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. குறுஞ்செய்தி வந்திருக்கலாம், யார் படிக்கிறார்கள்? 2023 ஏப்ரலில் அவருடைய அசல் ஏறத்தாழ 28,85,000. அதற்கு 9.25 சதவீத வீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 22,239 ரூபாய். தவணை 22,811. அசலில் கழிந்தது 572 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டி முடித்தவருக்கு மீதி 18 ஆண்டுகள் இருக்கவேண்டும். இந்த வட்டியும் இந்தத் தவணையும் இப்படியே தொடர்ந்தால் கடன் முடிய இன்னும் 480 மாதங்கள் ஆகும். நாற்பது ஆண்டுகள். கடன் வாங்கும்போது அவருக்கு வயது முப்பத்தைந்து என்றால், முடியும்போது எழுபத்தேழு.

இதே கடனை 2021க்குப் பதில் 2022 ஏப்ரலில் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அசல் 30 லட்சத்திலிருந்து அதிகம் இறங்கியிருக்காது. 30 லட்சத்துக்கு 9.25 சதவீதத்தில் மாத வட்டி 23,125 ரூபாய். தவணையைவிட வட்டியே அதிகம். கட்டக் கட்டக் கடன் வளரும். இப்படிப்பட்ட கணக்குகள் பெருகியதால்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டினாலும் தவணை அந்த மாத வட்டியைக்கூட ஈடுகட்டாத நிலை வரக்கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை, இதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி, ஆண்டு வட்டி வீதம் என்ன என்பதைக் கொண்ட அறிக்கையைப் புரியும்படி கொடுக்க வேண்டும்.

இந்த அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பாக்கித் தவணைகளின் எண்ணிக்கையை. வட்டி வீதத்தை எல்லாரும் பார்ப்பார்கள். எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் குறைவு. போன காலாண்டில் 216 என்று இருந்தது இந்தக் காலாண்டில் 213 ஆகியிருக்க வேண்டும். அது 260 ஆகியிருந்தால், வட்டி ஏறிய செய்தி உங்கள் ஓய்வுக்காலத்தின் மேல் எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

நம் கடன்காரர் விழித்துக்கொண்டு, 18 ஆண்டிலேயே முடிக்கவேண்டும் என்று 2023 ஏப்ரலில் தவணையை மாற்றச் சொல்லியிருந்தால், தவணை 27,470 ரூபாய் ஆகியிருக்கும். மாதம் 4,659 ரூபாய் கூடுதல், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இது வலிக்கும் தொகைதான். நடுத்தரக் குடும்பத்தில் இந்தத் தொகைக்காக ஒரு பிள்ளையின் டியூஷனோ வேறு ஏதோ ஒன்றோ நின்றுபோகும். பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றுவது என்று பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதுவது இப்படித்தான் நடக்கிறது. குடும்பம் கையைச் சுருக்கிக்கொள்கிறது, கடையில் விற்பனை குறைகிறது, விலை ஏற்றம் தணிகிறது. ஆனால் தவணை மாறாமல் காலம் மட்டும் நீண்டால் அந்தக் குடும்பம் இன்று கையைச் சுருக்காது. ரெப்போவின் மாற்றம் கணக்கேட்டில் முழுதாக வந்து சேர்ந்தும், சந்தையில் வந்து சேராது. வட்டி கடத்தப்படும் வேகத்தை ஆராய்பவர்கள் வீதத்தை மட்டும் அளக்கிறார்கள். தவணை மாறியதா, காலம் மாறியதா என்பதையும் அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்கள் யாராவது அதை எடுத்துச் செய்தால் மகிழ்வேன்.

வட்டி இறங்கும்போதும் இதே தேர்வு வரும். தவணையை 27,470 ஆக்கிக்கொண்டு ஒழுங்காகக் கட்டிவந்தவருக்கு, 2025இன் குறைப்புகள் ஏப்ரலில் 9.00, ஜூலையில் 8.25, 2026 ஜனவரி 1 முதல் 8.00 என்று வந்து சேர்ந்திருக்கும். அந்தத் தேதியில் அவருடைய அசல் சுமார் 26,74,000, பாக்கி 183 தவணைகள். தவணையைக் குறைக்கச் சொன்னால் அது 25,336 ஆகும், மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். குறைக்காமல் அதே தொகையைக் கட்டினால் 183 தவணைகள் 158 ஆகிவிடும், இரண்டு ஆண்டுக்கு மேல் முன்னதாகக் கடன் முடியும். கையில் நெருக்கடி இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது.

ஸ்ப்ரெட் பற்றி ஒரு சொல். விதி அதைப் பூட்டியது பழைய கடன்காரருக்கு. புதிதாக வருபவருக்கு வங்கி எந்த ஸ்ப்ரெட்டையும் சொல்லலாம். ரெப்போ இறங்கும் காலத்தில் வங்கி புதியவருக்கான ஸ்ப்ரெட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். போட்டி கடுமையான காலத்தில் இறக்கும். அதனால் ஒரே வங்கியில், ஒரே தெருவில், ஒரே வருமானம் உள்ள இருவர், கடன் வாங்கிய ஆண்டு வேறு என்பதற்காக முக்கால் சதவீத வித்தியாசத்தில் கட்டிக்கொண்டிருக்கலாம். ரெப்போ இருவருக்கும் ஒரே மாதிரிதான் மாறும், வித்தியாசம் அப்படியே நிற்கும். 2025 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டி, மூன்று ஆண்டு ஆகாவிட்டாலும் ஸ்ப்ரெட்டைக் குறைக்க வங்கிகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. 'விதி இடம் தராது' என்று இனி கிளையில் சொல்ல முடியாது. புதியவருக்கு இன்று என்ன ஸ்ப்ரெட் என்று கேட்டு, அதையே எனக்கும் கொடுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தாலோ மாற்றினாலோ அபராதம் கிடையாது.

இவ்வளவு பாதுகாப்பும் வங்கிக் கடனுக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் விதி பொருந்தாது. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தைத் தாங்களே அறிவிக்கின்றன. இன்னும் எம்சிஎல்ஆரிலேயே இருக்கும் பழைய வங்கிக் கடன்களும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி திருத்தப்படும். உங்கள் கடன் எந்த வகை என்பது அனுமதிக் கடிதத்தில், வட்டி என்ற தலைப்பின்கீழ் எழுதியிருக்கும்.

இனி டெபாசிட்டுக்கு வருகிறேன். இங்கே எந்த ஒப்பந்த விதியும் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட் போட்டவுடன் அதன் வட்டி முதிர்வு வரை நிலைத்துவிடும். அது நல்ல பாதுகாப்பு. 2023இல் போட்டவர் 2025இன் குறைப்புகளால் பாதிக்கப்படவில்லை. ஆனால் அடுத்து போடும்போது என்ன வட்டி என்பதை வங்கி தன் தேவையைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும். அந்தத் தேவை என்பது, கையில் பணம் மிஞ்சுகிறதா, தட்டுப்பாடா என்பது.

2022 மே மாதத்தில் ரெப்போ ஏறத் தொடங்கியபோது வங்கிகளிடம் கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி இறக்கிவிட்ட பணம் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தது. டெபாசிட்டுக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை. கடன் வட்டி விதிப்படி உடனே ஏறியது, டெபாசிட் வட்டி அசையத் தயங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கடன் கேட்பவர்கள் பெருகி, டெபாசிட் வரத்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் போனபோதுதான் வங்கிகள் போட்டி போட்டு டெபாசிட் வட்டியை ஏற்றின. ரெப்போ ஏற்றம் 2023 பிப்ரவரியில் நின்ற பிறகும் பணத் தட்டுப்பாட்டினால் டெபாசிட் வட்டி உயரத்திலேயே நின்றது. சில வங்கிகள் 400 நாள், 444 நாள் என்று விசித்திரமான கணக்கில் சிறப்புத் திட்டங்கள் போட்டதும் இதனால்தான். எல்லாக் காலத்துக்கும் வட்டியை ஏற்றினால் செலவு கூடும். ஒரு குறிப்பிட்ட நாள் கணக்குக்கு மட்டும் ஏற்றினால் வேண்டிய பணம் வந்துவிடும், தேவை தீர்ந்ததும் அந்த ஒரு திட்டத்தை மட்டும் மூடிவிடலாம்.

ரிசர்வ் வங்கிக்கு இது நன்றாகத் தெரியும். 2025 ஜூனில் ரெப்போவை அரை சதவீதம் குறைத்த அன்றே, வங்கிகள் வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியில் வைக்கவேண்டிய ரொக்கக் கையிருப்பு விகிதத்தையும் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக, செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு தவணைகளில் குறைப்பதாக அறிவித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்கு வந்தது. கடன் வட்டி விதிப்படி உடனே இறங்கிவிடும், வங்கிகளின் வரவு சுருங்கும். டெபாசிட் செலவும் இறங்கினால்தான் வங்கிகள் தாக்குப்பிடிக்கும். டெபாசிட்டுக்கு ஆணை போட முடியாது, ஆனால் பணத்தை மிஞ்சவிட்டால் வங்கிகள் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அப்படியே நடந்தது. ஆகவே, டெபாசிட் போட்டு வட்டியில் வாழ்பவர்களுக்கு நான் சொல்வது, ரெப்போ செய்தியை மட்டும் பார்க்காதீர்கள், வங்கிகளிடம் பணம் மிஞ்சுகிறதா என்ற செய்தியையும் பாருங்கள். ரெப்போ மாறாமலேயே டெபாசிட் வட்டி மாறும்.

வங்கிகள் டெபாசிட் வட்டியை ஓரளவுக்குமேல் இறக்க முடியாமல் தடுப்பது அஞ்சலகம். சிறுசேமிப்புத் திட்டங்களின் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை மத்திய நிதியமைச்சகம் அறிவிக்கிறது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம். ரெப்போ 4க்கு இறங்கி, 6.50க்கு ஏறி, 5.25க்கு மீண்டும் இறங்கியது. இந்த 7.1 மட்டும் 2025 முடிய அசையவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம். வங்கிகள் இதைக் குறையாகச் சொல்லும். முதியவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். இருவரில் நான் முதியவர்கள் பக்கம்தான்.

எனக்கு மனம் ஆறாத இடம் சேமிப்புக் கணக்கு. 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கின் வட்டியை நிர்ணயிக்கும் உரிமை வங்கிகளுக்கே விடப்பட்டது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியது என்று பார்த்தோம். அந்தக் காலம் முழுவதும் நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் வங்கியின் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 2.70 சதவீதம்தான். ஏறும்போது ஒரு பைசா கூடவில்லை. 2025 ஜூனில் ரெப்போ இறங்கியபோது அது 2.50 ஆனது. சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம் அன்றாடச் செலவுக்கானது, சம்பளம் வந்து விழும் இடம், பென்ஷன் வந்து சேரும் இடம். அரை சதவீதத்துக்காக யாரும் அதை வேறு வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வங்கிக்கு அது தெரியும். எனவே தேவை என்ற ஒன்றே இங்கே எழவில்லை.

ஒரு முறை இதற்கு மாற்று முயற்சி நடந்தது. 2019 மே முதல் ஸ்டேட் வங்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பு இருப்புக்கான வட்டியை, ரெப்போவைவிட 2.75 சதவீதம் குறைவு என்று ரெப்போவோடு இணைத்தது. அன்று ரெப்போ 6 சதவீதம், ஆகவே 3.25. அந்த இணைப்பு ஓராண்டு நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லா இருப்புக்கும் ஒரே 3 சதவீதம் என்று வந்துவிட்டது. அது நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரெப்போ 4 ஆக இருந்த இரண்டு ஆண்டுகளில் சேமிப்பு வட்டி 1.25க்கு இறங்கியிருக்கும். அது பெரிய அடிதான், மறைக்கத் தேவையில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் 3.75 கிடைத்திருக்கும். கிடைத்தது 2.70. ஐந்து லட்சம் ரூபாய் இருப்பு வைத்திருந்த ஒரு ஓய்வூதியருக்கு ஆண்டுக்கு 5,250 ரூபாய் வித்தியாசம். ரெப்போ 5.25க்கு இறங்கிய 2025 டிசம்பரில் அந்தச் சூத்திரம் தந்திருக்கும் வட்டி 2.50. வங்கி அப்போது தந்ததும் 2.50. அதாவது இறக்கத்தின் முடிவில் சூத்திரம் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம். ஏற்றத்தின்போது மட்டும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

சேமிப்புக் கணக்கையும் ரெப்போவோடு கட்டாயமாக இணைத்துவிடலாமா என்று கேட்டால் நான் தயங்குவேன். 1.25 சதவீதத்தைத் தாங்கும் நிலையில் நம் முதியவர்கள் இல்லை, ஒரு கீழ் எல்லை இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. அதே சமயம், கடன்காரரிடம் மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு விதி இருக்கும்போது, டெபாசிட்காரரிடம் ஏற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்தக் கெடுவும் இல்லை என்பது நியாயமாகப் படவில்லை. குறைந்தபட்சம், ஒவ்வொரு ரெப்போ மாற்றத்துக்குப் பிறகும் மூன்று மாதம் கழித்து, தன் கடன் வட்டி எவ்வளவு மாறியது, புதிய டெபாசிட் வட்டி எவ்வளவு மாறியது, சேமிப்புக் கணக்கு வட்டி எவ்வளவு மாறியது என்ற மூன்று எண்களை ஒவ்வொரு வங்கியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிளையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்று கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

 கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அனுமதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.